பெற்றவளை இழுக்கும் பரிகாசம்

இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கையில், தன்மீது வீசப்படும் கடுஞ்சொற்கள் பலவற்றையும் பொறுத்துக்கொண்டு நிற்கும் ஒருவன், ஏதோ ஒரு கட்டத்தில் குரலும் முகமும் மாறி, “என்னை என்ன வேண்டுமானாலும் சொல், எங்க அம்மாவை எதுக்கு இழுக்கிறே?” என்று கேட்பதை நம்மில் கேளாதவர் இல்லை. ‘இழுத்தல்’ என்ற அந்தச் சொல்லைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். வீட்டுக்குள்ளே தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை, அவளுடைய சம்மதம் இல்லாமல், அவளுக்குத் தெரியாமலேயே, தெருவில் நடக்கும் சண்டைக்குள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தும் காட்சி அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதன் பிறகு, எதைப் பற்றி வாக்குவாதம் தொடங்கியது என்பதே இருவருக்கும் மறந்துபோகிறது. சொன்னவன், “விளையாட்டுக்குத்தான் சொன்னேன்” என்று சமாதானம் கூறினாலும் போன சிரிப்பு திரும்பி வருவதில்லை.

நம் நாட்டில் மட்டுமன்றி, மத்தியதரைக் கடலோரத்திலும், அரபு நாடுகளிலும், சீனத்திலும், லத்தீன் அமெரிக்காவிலும் இது இப்படித்தான் இருக்கிறது. “பெற்றோரிடம் மரியாதை உள்ள சமூகங்கள், ஆகையால் அப்படி” என்று ஒரே வாக்கியத்தில் இதற்கு விடை கூறிவிடலாம். ஆனால் அந்த விடை, கேள்வியையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வதாகும். என்னைப் பழித்தால் சிரிக்கத் தெரிந்த நான், என் தாயைப் பழித்தால் ஏன் சிரிக்க இயலாதவனாகிறேன் என்பதே கேள்வி. இதை விளங்கிக்கொள்ள எனக்கு மிகவும் உதவியது, இந்த விதிக்கு நேர்விரோதமாகத் தோன்றும் ஒரு சமூகத்தின் விளையாட்டு. தாயைப் பழித்துப் பழித்தே நாளெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த சிறுவர்கள் ஓரிடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கும் ஓர் எல்லைக்கோடு இருந்தது. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை ஓர் ஆராய்ச்சியாளர் ஒலிப்பதிவு நாடாவின் துணைகொண்டு கண்டுபிடித்தார்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வெகுகாலமாக வழங்கிவரும் அந்த வாய்ப்போட்டிக்கு ‘டஸன்ஸ்’ என்று ஒரு பெயர் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டாலர்ட் என்னும் உளவியலாளர் 1939-இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் இதன் இலக்கணத்தை முழுமையாக வகுத்தவர், மொழியியலாளராகிய வில்லியம் லபோவ். 1960-களின் நடுப்பகுதியில், நியூயார்க் நகரத்து ஹார்லம் பகுதியின் சிறுவர்கள் பள்ளியில் வாசிப்பில் பின்தங்குவதற்கு அவர்களுடைய பேச்சுமொழி காரணமா என்று ஆராய்வதற்காக அவர் அங்கே சென்றார். கிளாரன்ஸ் ராபின்ஸ், ஜான் லூயிஸ் என்ற கறுப்பினத்தவர் இருவர் அவருடன் பணிபுரிந்தனர். சிறுவர்களோடு பழகி, அவர்கள் கூச்சமின்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சை அந்தக் குழு மணிக்கணக்காகப் பதிவு செய்தது. பள்ளிக்கூடத்தில் வாய் திறவாதவர்கள் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள், தெருமுனையில் நின்று மின்னல் வேகத்தில் தொடுத்த வசைகளைக் கேட்டு லபோவ் வியந்தார். 1972-இல் வெளியான அவருடைய நூலில், இந்த வசைப்போட்டியின் விதிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

போட்டி இப்படி நடக்கும். இருவர் எதிரெதிரே நிற்பார்கள். சுற்றிலும் நண்பர்கள் சூழ்ந்திருப்பார்கள். ஒருவன் மற்றவனுடைய தாயைப் பற்றி ஒரு வசையை விடுவான். அதன் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும்: “உன் அம்மா எவ்வளவு ஒல்லி என்றால்...” என்று தொடங்கி, கேட்பவர் எதிர்பாராத ஏதோ ஒரு மிகையில் போய் முடியும். மழைத்துளிகளுக்கு நடுவே நனையாமல் நடந்துபோவாள் என்பது போல ஒன்றை வைத்துக்கொள்ளலாம். (அங்கே உண்மையில் பேசப்பட்டவை இதைவிடப் பன்மடங்கு கொச்சையானவை, அவற்றை இங்கே எடுத்துக்காட்ட எனக்கு விருப்பமில்லை, விஷயத்தை விளக்க அவை தேவையும் இல்லை.) வசைபட்டவன் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டான். “என் அம்மா அப்படி ஒன்றும் ஒல்லி இல்லை” என்று அவன் சொல்லிவிட்டால் அந்த நொடியே தோற்றவனாவான். முதல் வசையின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதைவிடச் சாமர்த்தியமான இன்னொன்றை எதிரியின் தாய்மேல் அவன் தொடுக்க வேண்டும். யாருடையது உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பவர்கள் சுற்றி நிற்பவர்கள். அவர்களுடைய சிரிப்பும் ஆரவாரமுமே தீர்ப்பு. ஆகவே இந்த விளையாட்டில் மூன்று தரப்பினர் உண்டு: வைபவன், வசைபடுபவன், சபை. சபை இல்லையேல் விளையாட்டு இல்லை.

இத்தனையும் அமைதியாக நடப்பதற்கு ஆதாரமாய் இருப்பது எது என்று லபோவ் தேடியபோது, அவருக்குக் கிடைத்த விடை மிக எளிமையானது. சொல்லப்படும் செய்தி பொய் என்பது சொல்பவனுக்கும், கேட்பவனுக்கும், சபைக்கும் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருக்கும்வரை எவ்வளவு கொடிய வசையும் வெறும் பந்துதான். எறியலாம், பிடிக்கலாம், திருப்பி எறியலாம். அந்தச் செய்தி உண்மையாக இருந்தாலோ, உண்மையாக இருக்கக்கூடும் என்று தோன்றினாலோ, பந்து கல்லாக மாறிவிடுகிறது. வசைகள் அவ்வளவு விபரீதமாக, நடக்கவே முடியாதவையாக அமைவதற்குக் காரணம் இதுவே. மிகை என்பது அங்கே அலங்காரம் மட்டுமன்று. பாதுகாப்புச் சுவரும் ஆகும். இளகிய மனமுடையவர்கள் இதற்கு மாறாகவே நினைப்பார்கள். சிறிதாகச் சொன்னால் நோகாது, பெரிதாகச் சொன்னால் நோகும் என்று எண்ணுவார்கள். ஹார்லத்துச் சிறுவர்களின் அநுபவம் அதைத் தலைகீழாக்குகிறது: மலையளவு பொய் நோவதில்லை, கடுகளவு உண்மைதான் நோகிறது.

சுவர் இடிந்ததற்கு ஓர் உதாரணத்தையும் லபோவ் பதிவு செய்திருக்கிறார். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் அடங்கிய ஒரு குழு ஒருநாள் வசைப்போட்டியில் இறங்கியது. அவர்களுள் ஒருவன் குழுவில் அவ்வளவு செல்வாக்கு இல்லாதவன். வாய்ச்சாலகத்தில் வல்லவனான இன்னொரு பையன், அவனுடைய தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினான். அந்தத் தந்தைக்குத் திக்குவாய். அது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. பையன் அந்தத் திக்கலை நடித்துக் காட்டினான். வசைபட்ட சிறுவனிடமிருந்து எதிர் வசை வரவில்லை. அவர் திக்கிப் பேசினால் அதனால் என்ன என்ற கேள்விதான் வந்தது. அடுத்ததாகப் பேச்சு தந்தையின் தலைமயிருக்குத் தாவியது. அவருக்கு நரை, அதோடு வழுக்கையும். இதுவும் உண்மைதான். அதற்குச் சிறுவன் சொன்ன பதில், அவருக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் அப்படி என்பது. ஒருமுறை சொல்லி நிறுத்தாமல் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

இந்தச் சிறு நாடகத்தில் அறிவியலுக்கு வேண்டிய சாட்சி முழுவதும் இருக்கிறது. நரை என்பது குற்றமன்று, திக்குவாய் பாவமன்று, வசைகளின் வரிசையில் வைத்துப் பார்த்தால் இவற்றைவிட மென்மையானவை கிடையா. ஒரு மணி நேரத்துக்கு முன்னர் அதே சிறுவன் தன் தாயைப் பற்றிய படுபாதகமான கற்பனைகளைக் கேட்டுச் சிரித்திருக்கக்கூடும். இப்போது அவனால் சிரிக்க முடியவில்லை, விளையாட்டின் விதிப்படி பதில் சொல்லவும் முடியவில்லை. காரணம் சொல்லத் தொடங்கிவிட்டான். காரணம் சொல்லுதல் என்பது விளையாட்டைவிட்டு வெளியேறி யதார்த்த உலகத்தில் கால் வைப்பதாகும். பரிகாசம் எல்லை கடந்துவிட்டதா என்று அறிவதற்கு லபோவ் காட்டும் அடையாளம் இதுவே: சொன்ன சொல்லின் கடுமையைப் பார்க்க வேண்டியதில்லை, வருகிற பதிலைப் பார்த்தால் போதும். வசைக்கு வசை வந்தால் விளையாட்டு உயிரோடிருக்கிறது. மறுப்போ, சமாதானமோ, “அதனால் என்ன?” என்ற கேள்வியோ வந்தால் அது முடிந்துவிட்டது, சபை மேலும் சிரித்துக்கொண்டிருந்தாலும் முடிந்துவிட்டது.

இந்த விதி எல்லா இடத்திலும் அப்படியே செல்லுபடியாகிறதா என்பதில் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்களுக்கு அபிப்பிராய பேதம் உண்டு. தாமஸ் கோச்மன் என்பவர் 1983-இல் எழுதிய கட்டுரையில், உண்மையான குறைகளைச் சொல்லியும் இந்த ஆட்டம் ஆடப்படுகிறது என்றும், விளையாட்டுக்கும் விரோதத்துக்கும் நடுவே உள்ள கோட்டைச் சொற்பொருளைக் கொண்டு மட்டும் வரைய முடியாது என்றும் வாதிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நெருங்கிய நண்பர்கள் இருவருக்கிடையே உண்மையும் சில சமயம் பரிகாசமாகச் செல்லுபடியாகும். முன்பின் அறியாதவனிடம் அப்பட்டமான பொய்யும் செல்லாது. அந்நியனுடைய வீட்டு நிலைமை நமக்குத் தெரியாது. எந்தக் கற்பனை அவன் விஷயத்தில் உண்மையாக இருந்துவிடும் என்று நாம் எப்படி அறிவோம்? தாயை இழந்து நேற்றுத்தான் கொள்ளி வைத்துவிட்டு வந்தவனிடம் தாயைப் பற்றிய எந்த மிகையும் மிகையாக ஒலிக்காது.

இனி, தாய் தந்தையரிடத்தில் மட்டும் இந்தக் கோடு ஏன் இவ்வளவு அருகில் ஓடுகிறது என்ற கேள்விக்கு வருவோம். மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் ‘கேலி உறவுகள்’ பற்றி எழுதிய கட்டுரை இங்கே துணைசெய்கிறது. பல சமூகங்களில் சில உறவினர் ஒருவரையொருவர் கேலி செய்யலாம், சில இடங்களில் கேலி செய்தே ஆகவேண்டும். கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நமக்கு இது புதிய செய்தியன்று. மாமன் மகளையும் அத்தை மகனையும் கேலி பேச ‘முறை’ உண்டு என்பதும், கொழுந்தியாளின் கேலிக்கு மாப்பிள்ளை முகம் சுளித்தால் அதுவே குற்றமாகும் என்பதும் தமிழ்க் குடும்பங்கள் யாவும் அறிந்தவை. பேரனும் பாட்டனும் பேசிக்கொள்ளும் பரிகாசத்துக்கும் எல்லை குறைவு. ஆனால் பெற்ற தலைமுறைக்கும் பிள்ளைத் தலைமுறைக்கும் இடையே அந்தச் சலுகை இல்லை. வளர்ப்பதும், கண்டிப்பதும், ஒழுக்கத்தை ஒப்படைப்பதும் அந்தத் தலைமுறையின் பொறுப்பு. ஆதலால் அங்கே உறவு மரியாதையின்மேல் நிற்கிறது, பாட்டனாரிடத்திலோ அது தளர்ந்து நட்பாகிவிடுகிறது என்பது ராட்கிளிஃப்-பிரவுன் தந்த விளக்கம். இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. என் தந்தையைக் கேலி செய்ய எனக்கே உரிமை இல்லாதபோது, அந்த உரிமையை அந்நியன் ஒருவன் எடுத்துக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி?

தாய்க்கும் ‘நான்’ என்ற உணர்வுக்கும் இடையே உள்ள நெருக்கத்தை மூளைக்குள்ளேயே பார்க்க முயன்றவர்களும் உண்டு. பீகிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சீனர் 13 பேரும் மேல்நாட்டார் 13 பேரும் காந்த அலைக் கருவிக்குள் படுத்துக்கொண்டு, ‘தைரியமுள்ள’ என்பதுபோன்ற குணச்சொற்கள் தங்களுக்குப் பொருந்துமா, தம் தாய்க்குப் பொருந்துமா, பிரபலமான ஒருவருக்குப் பொருந்துமா என்று தீர்ப்புச் சொன்னார்கள். தன்னைப் பற்றி எண்ணும்போது நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுப்பகுதியில் ஒரு பிரதேசம் இரு சாராரிடத்திலும் தீவிரமாக இயங்கியது. சீனரிடத்தில் தாயைப் பற்றி எண்ணும்போதும் அதே பிரதேசம் இயங்கியது. மேல்நாட்டாரிடத்தில் அவ்வாறு இயங்கவில்லை. இருபத்தாறு பேரை வைத்துக்கொண்டு இரு நாகரிகங்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஒரே இடம் ஒளிர்வதால் தாயும் தானும் ஒன்று என்றும் ஆகிவிடாது. எனினும், ‘நான்’ என்பதன் வேலி எல்லா நாட்டிலும் ஒரே இடத்தில் போடப்படுவதில்லை என்ற எண்ணத்துக்கு இது இசைவாக இருக்கிறது.

வசைகளும் அதே கதையைச் சொல்லுகின்றன. செமின், ருபினி என்ற இருவர் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இத்தாலியின் வடபகுதி மாணவர்களையும் தென்பகுதி மாணவர்களையும் தமக்குத் தெரிந்த வசைகளை எழுதித்தரச் சொன்னார்கள். ஒருவனுடைய அறிவையும் உடலையும் குறிவைக்கும் வசைகள் வடக்கில் மிகுந்திருந்தன. அவனுடைய தாய், சகோதரி, குடும்பம், முன்னோர் ஆகியோரைக் குறிவைக்கும் வசைகள் தெற்கில் மிகுந்திருந்தன. ஒரே நாடு, ஒரே மொழி. ஆனால் மனிதன் எங்கே முடிகிறான் என்பதில் இரு வேறு கணக்கு. எங்கே அடித்தால் வலிக்கும் என்பது வைகிறவனுக்குத் தெரிந்திருக்கும். ஆதலால் ஒரு சமூகத்தின் மானம் எங்கே குடியிருக்கிறது என்று அறிய அதன் வசைச்சொற்கள் நல்ல வரைபடம்.

ஆயினும், தாய் என்னுள் அடங்கியிருக்கிறாள் என்பது மட்டும் முழு விளக்கமாகாது என்பது என் எண்ணம். அவள் வெறும் ‘நானாக’ இருந்திருந்தால் என்மீதான வசையைப் பொறுப்பதுபோல இதையும் பொறுத்திருப்பேன். அவள் நானாகவும் இருக்கிறாள், என்னின் வேறாகவும் இருக்கிறாள், சிக்கலெல்லாம் இங்கேதான். ஒருவன் எனக்கு நூறு ரூபாய் கடன்பட்டிருந்தால், ‘போகட்டும்’ என்று அதை நான் தள்ளுபடி செய்யலாம். என் பெருந்தன்மைக்கு அது அழகு. என் தாய்க்கு அவன் கடன்பட்டிருந்தால், அதைத் தள்ளுபடி செய்ய நான் யார்? என்னைப் பழித்தவனை மன்னித்துவிட்டு நான் சிரிக்கலாம். அவளைப் பழித்தவனைப் பார்த்து நான் சிரித்தால், எனக்கு உரிமையில்லாத ஒன்றை நான் அவனுக்குத் தானம் செய்தவனாகிறேன். அவளோ அங்கே இல்லை. பதில் சொல்லவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. ஆகவே மௌனம் துரோகமாகிறது. பதில் சொல்லத் தொடங்கினாலோ, ஹார்லத்துச் சிறுவன் தந்தையின் நரைக்குக் காரணம் சொன்னதுபோல, பழிக்கு ஒரு பதில் தேவைப்பட்டது என்பதை நானே ஒப்புக்கொண்டதாகிறது. இரண்டு வழியும் அடைபட்டவன் குரல் மாறுகிறான். ‘டஸன்ஸ்’ விளையாட்டில் அப்பட்டமான பொய் ஏன் நோவதில்லை என்பதும் இப்போது விளங்குகிறது: நடவாத ஒன்றைச் சொல்லும்போது தாய்க்கு யாரும் எந்தக் கடனும் படுவதில்லை, ஆகையால் மகன் தள்ளுபடி செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை.

இந்த இக்கட்டுக்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி பெர்லினில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தின் 110-ஆவது நிமிஷத்தில், பிரான்ஸ் அணியின் தலைவராகிய ஜிடேன், இத்தாலிய வீரராகிய மாட்டராஸியின் மார்பில் தலையால் முட்டிக் களத்தைவிட்டு வெளியேற்றப்பட்டதை உலகமே பார்த்தது. தொடக்கம் அற்பமானது. மாட்டராஸி சட்டையைப் பிடித்து இழுத்தார். வேண்டுமானால் ஆட்டம் முடிந்ததும் சட்டையைத் தருகிறேன் என்றார் ஜிடேன். அதற்கு மாட்டராஸி, அவருடைய சகோதரியைக் குறித்து ஒரு கேலியான பதில் சொன்னார். மைதானத்தில் அன்றாடம் கேட்கும் பரிகாசம்தான் அது என்று பின்னர் அவர் கூறினார். ஜிடேனோ, தாயையும் சகோதரியையும் பற்றிய கடுஞ்சொற்கள் பலமுறை சொல்லப்பட்டன என்றார். அவற்றைக் கேட்பதைவிட முகத்தில் ஒரு குத்து வாங்கியிருக்கலாம் என்றும் சொன்னார்.

மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் செய்ததற்காக வருந்துகிறாரா என்று கேட்டபோது, வருந்த இயலாது என்றார். வருந்தினால், அந்தச் சொற்களை அவன் சொன்னது சரி என்று தாம் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் கூறிய காரணம். மாட்டராஸியும், சகோதரியைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொண்டாரேயன்றி, தாயைப் பற்றித் தாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று கடைசிவரை உறுதியாக மறுத்தார். பதினைந்து வயதில் தாயை இழந்தவன் நான், தாயைப் பற்றி நான் அப்படிப் பேசுவேனா என்று அவர் கேட்டார்.